பூனைக்கு அட்வான்ஸ் எவ்வளவு?

பொத்தேரி ஸ்டேஷன்ல இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டினா, எந்த மின்கம்பத்தைப் பார்த்தாலும் 'டூ பி.எச்.கே. ஃபார் ஸ்டூடண்ட்ஸ்' நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதுக்குக் கீழே சின்ன எழுத்தில் 'நோ பெட்ஸ்'னு இருந்தா உங்களுக்குக் குழப்பமே இல்லை. பூனை வளர்க்கிறவங்க அடுத்த கம்பத்துக்குப் போயிடலாம். 'பெட்ஸ் ஓகே, எக்ஸ்ட்ரா டெபாசிட்'னு இருக்கிற வீடுதான் சிக்கல். அந்த டெபாசிட் எதுக்கு, யார் கையில இருக்கும், எப்போ திரும்பும்னு அங்கே யாரும் சொல்றதில்லை, நாமும் கேட்கிறதில்லை. வீடு கிடைச்ச சந்தோஷத்துல பணத்தை ஜிபே பண்ணிட்டு சாவியை வாங்கிடுவோம்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வர்றது இதுதான். வளர்ப்புப் பிராணிக்காகத் தனி டெபாசிட் கேட்பது தப்பில்லை. அதை எதுவும் எழுதாமல் வாங்குவதுதான் தப்பு. 'நான்-ரீஃபண்டபிள் டெபாசிட்'னு எழுதி வாங்குவது அதைவிடப் பெரிய தப்பு. திரும்பி வராத பணத்துக்குத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் டெபாசிட்னு பேர் கிடையாது. அது கட்டணம். கட்டணம்னா கட்டணம்னே எழுதுங்க, நாங்க யோசிச்சு முடிவு பண்றோம்.

முதல்ல ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துடலாம். 'பெட்ஸ் கூடாதுன்னு சொல்றதே சட்டப்படி செல்லாது'ன்னு இன்ஸ்டாகிராம்ல ஒரு ரீல் அடிக்கடி சுத்துது. பாதிதான் உண்மை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், குடியிருப்போர் சங்கங்களையும் அபார்ட்மென்ட் ஓனர் சங்கங்களையும் பார்த்துப் பேசுகிறது. பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்கிறது. 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும், 'நோ பெட்ஸ்' என்று சங்க விதிகளில் எழுதுவது சட்டவிரோதம் என்று சொன்னது. இரண்டுமே சங்கத்துக்கும் அங்கே குடியிருப்பவருக்கும் நடுவில் இருக்கும் விஷயம். உங்க வீட்டு ஓனர் சங்கம் கிடையாது. அவர் தன் வீட்டை வாடகைக்கு விடும்போது உங்களோடு ஒரு ஒப்பந்தம் போடுகிறார். அதில் 'பிராணிகள் கூடாது'ன்னு ஒரு வரி எழுதி, நீங்களும் கையெழுத்துப் போட்டா, அது இரண்டு பேர் ஒத்துக்கொண்ட நிபந்தனை. அந்த ரீலைக் காட்டி அவரை மடக்க முடியாது. ஆனால் செக்யூரிட்டி அண்ணன் வந்து 'அசோசியேஷன் ரூல், நாயை லிஃப்ட்ல ஏத்தக்கூடாது'ன்னு சொன்னா, அப்போ அந்த 2015 வழிகாட்டுதலைக் காட்டலாம். எந்தக் காகிதத்தை யாரிடம் காட்டுவதுன்னு தெரிஞ்சிருந்தாலே பாதிச் சண்டை குறையும்.

சரி, ஓனர் ஒத்துக்கொண்டார். இப்போ பணத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் வாடகைக்கு இப்போ நடைமுறையில் இருக்கும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்தது. பேர் ரொம்ப நீளம்: நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம். அதுல நாய், பூனைன்னு ஒரு வார்த்தைகூட கிடையாது. ஆனால் நமக்கு வேண்டிய மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும் (tenancy.tn.gov.in தளத்தில் செய்யலாம்). ரெண்டாவது, செக்யூரிட்டி டெபாசிட் மூணு மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் 'வேறு மாதிரி உடன்படிக்கை இருந்தால் தவிர'ன்னு ஒரு கதவையும் அதே வரியிலேயே திறந்து வெச்சிருக்காங்க. நம்ம ஏரியாவில் அஞ்சு மாசம், பத்து மாசம் அட்வான்ஸ் இன்னும் ஓடிக்கிட்டிருப்பது அந்தக் கதவு வழியாத்தான். மூணாவது, காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துவிட்டு மீதியைத் திருப்பித் தரணும்.

'தர வேண்டியதைக் கழித்துவிட்டு' என்ற இடத்துலதான் எல்லாமே இருக்கு. எது நாம் தர வேண்டியது?

அதே சட்டத்தின் இரண்டாவது அட்டவணை இதுக்குப் பதில் சொல்லுது. எந்த ரிப்பேர் யாருடையதுன்னு பிரிச்சு எழுதியிருக்காங்க. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பக்கம். டேப் வாஷர், சுவிட்ச், கைப்பிடி, பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை எல்லாம் நம்ம பக்கம். கொசுவலையை நல்லாக் கவனிங்க. பூனை வளர்க்கிற வீட்டில் முதலில் கிழிவது அதுதான். அது யார் செலவுன்னு விவாதிக்கவே வேண்டாம், நம்ம செலவு. இதோட சட்டம் இன்னொண்ணும் சொல்லுது. குடிவந்தபோது வீடு எப்படி இருந்ததோ அந்த நிலையில் திருப்பித் தரணும், சாதாரணத் தேய்மானம் போக. 1882-ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதையே சொல்லுது. அதாவது 140 வருஷத்துக்கு மேலாக நம்ம சட்டத்துக்குத் தெரிஞ்ச விஷயம்: வீட்டில் ஆள் இருந்தா வீடு கொஞ்சம் தேயும், அது வாடகையிலேயே அடங்கும்.

அப்போ பூனை கீறினது தேய்மானமா, சேதமா? என் கருத்து, சேதம். மனுஷன் நடந்து தரை மங்கினா தேய்மானம். பூனை நகத்தால் சோபாவைக் கிழிச்சா, அதைத் தடுத்திருக்கலாம். நகம் கூர் பார்க்க ஒரு கயிறு சுத்தின கட்டை வாங்கி வெச்சிருக்கலாம். பிராணி நம்மோடது, அது செய்ததும் நம்மோடது. இதில் பெட் லவ்வர்ஸ் பலபேர் என்னோட சண்டைக்கு வருவாங்க, வரட்டும். 'பாவம், வாயில்லா ஜீவன்' என்பது சோபா பில்லுக்குப் பதில் ஆகாது. அந்த ஓனரும் பல சமயம் ரிட்டயர்ட் ஆனவர், அந்த ஒரு ஃப்ளாட் வாடகைதான் அவருக்கு பென்ஷன்.

ஆனால் சேதம்னு ஒத்துக்கொண்ட பிறகும், எவ்வளவு என்பது தனிக் கேள்வி. இங்கதான் நம்ம பசங்க மொத்தமா ஏமாறுறாங்க. ஒரு கணக்கு சொல்றேன். இது என் கிளாஸ் தோழி ஒருத்தி காலி செஞ்ச வீட்டோட கணக்கு. வீட்டையும் ஓனரையும் சொல்லப் போறதில்லை, எண்கள் போதும்.

மூணு பேர் சேர்ந்து எடுத்த டூ பி.எச்.கே. மாத வாடகை 18,000. அட்வான்ஸ் அஞ்சு மாசம், அதாவது 90,000. ஒரு பூனை இருந்ததால் மேலே 15,000. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு வரி: 'பெட் டெபாசிட் 15,000 எக்ஸ்ட்ரா'. அவ்வளவுதான். ஆக ஓனர் கையில் மொத்தம் 1,05,000. 22 மாசம் இருந்தாங்க. காலி செய்யும்போது ஓனர் வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு அனுப்பினார். வீடு முழுக்க பெயின்ட் 24,000. பூனை கிழித்த சோபாவுக்குப் பதில் புது சோபா 22,000. கொசுவலை 2,400. அலமாரி அடிப்பலகையும் நாற்றம் போக்கும் கிளீனிங்கும் 6,000. இதெல்லாம் போக, அந்த 15,000 'பெட்டுக்குக் கொடுத்தது, அது திரும்பாது'. கூட்டினா 69,400. கைக்கு வர்றது 35,600.

இதை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்ப்போம்.

பெயின்ட். வெள்ளையடிப்பது அட்டவணைப்படி ஓனர் வேலை. இந்த வீட்டுக்குக் கடைசியா பெயின்ட் அடிச்சது இவங்க வர்றதுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி. கிட்டத்தட்ட நாலு வருஷம் ஆன பெயின்ட். பூனை இருந்தாலும் இல்லாட்டியும் அடுத்த ஆளுக்கு விடும் முன் அடிக்க வேண்டியதுதான். பூனை செஞ்சது ஹால் மூலையில் பால்கனிக் கதவு ஓரம் ஒரு அடி உயரத்துக்குக் கீறின தடம். பட்டி வெச்சு அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய 1,500 ரூபாய்னு பெயின்டரே சொன்னார். நியாயப்படி அவங்க தர வேண்டியது அந்த 1,500.

சோபா. வாங்கின விலை 22,000, வாங்கி அஞ்சு வருஷம் ஆச்சு. ஒரு சாதாரண சோபா எட்டு வருஷம் உழைக்கும்னு வெச்சுக்கிட்டா, மிச்சம் மூணு வருஷம். எட்டில் மூணு பங்கு, 8,250. அஞ்சு வருஷப் பழைய சோபாவுக்குப் பதிலா புதுசு வாங்கித் தந்தா, ஓனருக்கு நஷ்டம் ஈடாகல, லாபம் ஆகுது. இதிலும் இன்னொரு படி உண்டு. துணி மாத்த கூடுவாஞ்சேரியில் ஒரு கடையில் கேட்டா 7,000. ரிப்பேர் செலவு மிச்ச மதிப்பைவிடக் குறைவா இருந்தா ரிப்பேர்தான் நியாயம். ஆக 7,000.

கொசுவலை 2,400. முழுசும் இவங்களுது. பேச்சில்லை.

அலமாரிப் பலகையும் நாற்றமும் 6,000. இதுவும் முழுசும் இவங்களுதுதான். கொஞ்சம் விளக்கணும், ஏன்னா 'தரை டைல்ஸ்தானே, துடைச்சாப் போச்சு'ன்னு எல்லாரும் நினைக்கிறோம். விட்ரிஃபைட் டைல் தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தண்ணி உறிஞ்சும், அதனால் டைலுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனால் டைல்களுக்கு நடுவில் இருக்கும் சிமென்ட் இணைப்பும், அலமாரியின் அடியில் இருக்கும் பார்ட்டிகிள் போர்டும், பாத்ரூம் கதவின் கீழ்விளிம்பும் நல்லா உறிஞ்சும். பூனை மூத்திரத்தில் இருக்கும் யூரியா சிதைஞ்சு அமோனியா ஆகும், அதோட வாசனை சில நாள்ல போயிடும். யூரிக் அமிலம் போகாது. அது தண்ணியில் சரியாகக் கரையாது, படிகமா உள்ளேயே உட்கார்ந்திருக்கும். காற்றில் ஈரம் ஏறும்போது, நம்ம ஊர்ல நவம்பர் மழையில், மறுபடி நாறும். மே மாசம் வீட்டை ஒப்படைச்சா ஓனருக்குத் தெரியவே தெரியாது, அடுத்த ஆளுக்குத்தான் தெரியும். பினாயில் ஊத்தினா மேல் வாசனை மாறும், அவ்வளவுதான். பிளீச்சிங் பவுடர் போடவே போடாதீங்க, அமோனியாவோடு சேர்ந்தா மூச்சுமுட்டும் வாயு வரும். என்சைம் கிளீனர் வேணும், அதுவும் ஊத்தி ஊறவிட்டு, தானா காயவிடணும். பலகை உப்பிப் போயிருந்தா மாத்துறதைத் தவிர வழியில்லை. வீடு பார்க்கும்போதே ஒரு சின்ன யூ.வி. டார்ச் அடிச்சு இருட்டில் பார்த்தா பழைய கறை பச்சை மஞ்சளா ஒளிரும். முன்னாடி இருந்தவங்க நாய் செஞ்சதுக்கு நீங்க தண்டம் கட்டாம இருக்க இது ஒரு மலிவான வழி.

(நாய் வளர்க்கிறவங்களுக்கு ஒரு வரி. நாற்றத்தைவிட உங்களுக்குப் பெரிய பிரச்சினை உண்ணி. நம்ம ஊர் நாய் உண்ணி முட்டை, குஞ்சு, பெருசு எல்லாக் கட்டத்தையும் வீட்டுக்குள்ளேயே முடிக்கும். சுவர் விரிசலில் சாப்பாடு இல்லாமலே பல மாசம் காத்திருக்கும். நாய் போன பிறகும் அது இருக்கும். பூச்சிமருந்து அடிச்ச பில்லை வாங்கி வெச்சுக்கிட்டு வீட்டை ஒப்படைங்க.)

இப்போ கூட்டுவோம். 1,500, 7,000, 2,400, 6,000. மொத்தம் 16,900. இதுதான் பூனையின் உண்மையான பில். முதல் 15,000 பெட் டெபாசிட்டிலிருந்தே போகும், அதுக்குத்தானே அது. மீதி 1,900 அட்வான்ஸிலிருந்து. திரும்ப வர வேண்டியது 88,100. ஓனர் சொன்னது 35,600. நடுவில் இருக்கும் 52,500-ல பூனைக்குச் சம்பந்தமே இல்லை.

அந்த 15,000 விஷயத்தில் நடந்ததைக் கவனிச்சீங்களா? பிராணி செய்த சேதத்துக்குன்னு ஒரு பணத்தை முன்னாடியே வாங்கிட்டு, சேதத்துக்குத் தனியா பில் போட்டு, வாங்கினதையும் வெச்சுக்கிட்டார். ஒரே சேதத்துக்கு ரெண்டு தடவை. ஏமாத்தணும்னு நினைச்சுச் செஞ்சார்னுகூட நான் சொல்லமாட்டேன். 'பூனை வெச்சுக்க அனுமதிச்சதுக்கான காசு'ன்னு அவர் மனசுல புரிஞ்சிருந்தார். 'பூனை எதையாவது உடைச்சா கழிக்கிறதுக்கான காசு'ன்னு இவ மனசுல புரிஞ்சிருந்தா. ஒரே வரி, ரெண்டு அர்த்தம். அந்த வரியில் இன்னும் ஆறு வார்த்தை இருந்திருந்தா இந்தச் சண்டையே இல்லை.

'திரும்பாது'ன்னு எழுதியே இருந்தா? அப்பவும் ஓனர் முழுசா ஜெயிச்சுட்டார்னு சொல்ல முடியாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, நிபந்தனை மீறினா இவ்வளவு தொகைன்னு எழுதியிருந்தாலும், அந்தத் தொகை உச்சவரம்புதான், கிடைப்பது அதுக்குள் நியாயமான ஈடு மட்டும்னு சொல்லுது. 2015-ல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. நஷ்டமே ஏற்படாத இடத்தில் முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது, நஷ்டத்தை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபிக்கணும். அது டில்லியில் ஒரு நில ஏலத்தைப் பற்றிய வழக்கு, பூனை வழக்கு இல்லை. ஆனால் 'ஒப்பந்தத்தை மீறி ஒளிச்சு நாய் வளர்த்தே, அதனால் அட்வான்ஸ் முழுசும் கிடையாது'ன்னு சொல்ற ஓனருக்கு இதே தர்க்கம் பொருந்தும்னு நான் நினைக்கிறேன். ஒளிச்சு வளர்த்தது தப்பு, அவர் உங்களைக் காலி பண்ணச் சொல்லலாம், பதினொரு மாசம் முடிஞ்சதும் புதுப்பிக்காம விடலாம். ஆனால் நாய் எதையும் சேதம் பண்ணலைன்னா 90,000 எதுக்கான ஈடு? ஒரே ஒரு திருத்தம்: 'நுழைவுக் கட்டணம், திரும்பாது'ன்னு நேர்மையா எழுதி நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா அது அபராதம் இல்லை, விலை. அதைத் திரும்பக் கேட்பது கஷ்டம். அதனால்தான் பேர் முக்கியம்னு ஆரம்பத்திலேயே சொன்னேன்.

'அப்போ பெட் டெபாசிட்டையே தடை செய்யலாமே'ன்னு ஒரு நண்பன் கேட்டான். தடை செஞ்ச ஊரை அவனுக்குக் காட்டினேன். இங்கிலாந்தில் 2019-ல் வந்த வாடகைதாரர் கட்டணச் சட்டம், டெபாசிட்டை அஞ்சு வார வாடகைக்குள் அடக்கியது (ரொம்பப் பெரிய வாடகைக்கு மட்டும் ஆறு வாரம்). நாய் இருந்தாலும் இல்லாட்டியும் அதே வரம்பு, அதனால் தனி பெட் டெபாசிட்டுக்கு இடமில்லாம போச்சு. நல்ல செய்தி மாதிரிதான் தெரியும். என்ன நடந்தது? பல ஓனர்கள் 'நோ பெட்ஸ்'க்குத் திரும்பினாங்க, மத்தவங்க 'பெட் ரென்ட்'னு மாச வாடகையிலேயே ஏத்தினாங்க. டெபாசிட்னா சேதம் இல்லாட்டி திரும்பும். பெட் ரென்ட் எப்பவும் திரும்பாது, சேதத்துக்குத் தனி பில் வேற. என் தோழிக்கு மாசம் 1,000 பெட் ரென்ட் போட்டிருந்தா 22 மாசத்தில் 22,000 காலி, பூனை ஒரு நூலைக்கூட இழுக்காட்டியும். அதனால் 2025-ல் அங்கே வந்த புதுச் சட்டம் வேற பக்கத்திலிருந்து வருது: பிராணி வளர்க்க எழுத்தில் அனுமதி கேட்டா, ஓனர் நியாயமான காரணம் இல்லாம மறுக்க முடியாது. நமக்கு அது ரொம்ப தூரம். ஆனால் திரும்பக்கூடிய டெபாசிட்தான் இருக்கிறதிலேயே நல்ல ஏற்பாடுன்னு எனக்குத் தோணுறதுக்கு இங்கிலாந்துதான் காரணம். ஓனருக்கு பயம் குறையுது, ஒழுங்கா வளர்க்கிறவனுக்குப் பணம் திரும்புது.

இன்னொரு விஷயம், இது ஓனரைப் பற்றியது இல்லை, நம்மைப் பற்றியது. மூணு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்ட வீட்டில் பூனை ஒருத்தருதுதான். ஆனால் ஓனருக்கு அந்தக் கவலை கிடையாது. ஒப்பந்தச் சட்டம் 43-ஆம் பிரிவுப்படி, சேர்ந்து வாக்குக் கொடுத்தவங்கள்ல யாரை வேணும்னாலும் முழுத் தொகைக்கும் கேட்கலாம். அட்வான்ஸில் கழிச்சா மூணு பேர் பங்கும்தான் குறையும். பிறகு அந்த மூணு பேர் தங்களுக்குள்ள தீர்த்துக்கணும். என் தோழி வீட்டில் மத்த ரெண்டு பேரில் ஒருத்திக்குப் பூனைன்னாலே அலர்ஜி, அவ பங்கிலும் சோபா கழிஞ்சது. அவங்க இப்பவும் பேசிக்கிறதில்லை. நட்பு இருக்கும்போதே ஒரு தாளில் 'பிராணியால் வரும் கழிவு முழுசும் அதை வளர்ப்பவருடைய பங்கிலிருந்து'ன்னு எழுதி மூணு பேரும் கையெழுத்துப் போட்டுக்கிட்டா, அது ஓனரைக் கட்டுப்படுத்தாது, உங்களைக் கட்டுப்படுத்தும். கொஞ்சம் கூச்சமா இருக்கும். பரவாயில்லை.

சரி, அந்தக் கதை எப்படி முடிஞ்சதுன்னு கேட்பீங்க. கோர்ட்டுக்கெல்லாம் போகலை. ஒப்பந்தமே பதிவு பண்ணாதது, கையில் பலம் குறைவு. ஆனால் குடிவந்த அன்னிக்கு வீட்டைச் சுத்திக் காட்டி அவ அம்மாவுக்கு அனுப்பின வாட்ஸ்அப் வீடியோ ஒண்ணு இருந்தது. அதுல ஹால் சுவரில் பழைய ஆணி ஓட்டைகளும், பெட்ரூம் கூரையில் ஈரம் கசிஞ்ச கறையும், தேதியோட தெளிவாத் தெரிஞ்சது. கூடவே அட்டவணையில் வெள்ளையடிப்பு யார் பக்கம்னு இருக்கும் வரியையும் மரியாதையா ஒரு மெசேஜில் அனுப்பினா: 'அங்கிள், பூனை செஞ்சதை நாங்க கொடுக்கிறோம், பெயின்ட் எங்களுது இல்ல'. ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு பெயின்ட் 24,000-ம், பெட் டெபாசிட் 15,000-ம் திரும்பின. கையில் வந்தது 74,600. என் கணக்குப்படி வர வேண்டிய 88,100-க்கு இன்னும் 13,500 குறைவு. அது முழுக்க சோபா. அந்த வீடியோவில் சோபா ஒரு செகண்ட்தான் வருது, அதுவும் மேலே பெட்ஷீட் போர்த்தி. அது ஏற்கெனவே எப்படி இருந்ததுன்னு காட்ட முடியலை. வாங்கின பில்லைக் கேட்டாளான்னா, கேட்கலை, 'விடுடி, போதும்'னு விட்டுட்டா.

அதனால் வீடு பார்க்கப் போறவங்களுக்கு நான் கேட்டுக்கிறது ஒரு பத்தி மட்டும். அதை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்க. டைப் பண்றவர் எதை வேணும்னாலும் டைப் பண்ணுவார், காசு அதேதான். இப்படி இருக்கலாம்:

'வாடகைதாரர் ஒரு பூனை வளர்க்க உரிமையாளர் அனுமதிக்கிறார். இதற்காகப் பெறப்பட்ட 15,000 ரூபாய் திருப்பித் தரத்தக்கது. பிராணியால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும், பில்லின் அடிப்படையில், பொருளின் வயதைக் கணக்கில் கொண்டு இதிலிருந்து முதலில் கழிக்கப்படும். மீதி, வீட்டு அட்வான்ஸுடன் சேர்த்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரப்படும். குடிவந்த நாளில் இருந்த நிலை இணைப்பில் உள்ள படங்களின்படி.'

கடைசி வரியில் சொன்ன படங்களில் சோபாவை பெட்ஷீட் இல்லாமல் எடுங்க. அலமாரிக் கதவைத் திறந்து அடிப்பலகையை எடுங்க, கொசுவலையை ஒவ்வொண்ணா எடுங்க, பாத்ரூம் கதவின் கீழ்விளிம்பைக் குனிஞ்சு எடுங்க. எல்லாத்தையும் அன்னிக்கே ஓனருக்கு அனுப்பி, அவர்கிட்டயிருந்து ஒரு 'ஓகே' வாங்கிடுங்க. இதுக்கெல்லாம் ஒத்துக்காத ஓனர்கிட்ட அந்த 15,000-ஐக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, அது டெபாசிட்டா கட்டணமான்னு நேராக் கேளுங்க. கட்டணம்னு சொன்னா, 22 மாசத்தால் வகுத்துப் பாருங்க: மாசம் கிட்டத்தட்ட 680 ரூபாய். அந்த வாடகைக்கு அந்த வீடு உங்களுக்குக் கட்டுபடியாகுதான்னு பார்த்து அப்புறம் ஜிபே பண்ணுங்க.